கிரிக்கெட் வீடியோ கேம்: டைமிங், பவுலர், ஃபீல்டர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்னதாக ஒரு கிரிக்கெட் கேம் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து, கேம் விளையாடும் நண்பர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். மில்லிசெகண்டு, டிகிரி என்று வரும் எண்களில் பல என் மாதிரியில் நான் வைத்தவை. கேமுக்குக் கேம் எண் மாறும், கணக்குப் போடும் விதம் பெரிதாக மாறாது.

ஒரு பந்துக்கு நமக்கு எவ்வளவு நேரம்தான் கிடைக்குது?

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் குட் லெங்த்தில் வீசுகிறார் என்று வையுங்கள். பந்து கையை விடும் இடம் பேட்ஸ்மேனின் ஸ்டம்பிலிருந்து சுமார் 18.5 மீட்டர். ஸ்டம்புக்கு 7 மீட்டர் முன்னால் தரையில் படுகிறது. அதுவரை 0.30 வினாடி. தரையில் பட்டதும் வேகம் கொஞ்சம் குறையும், அங்கிருந்து பேட்டுக்கு வர இன்னொரு 0.16 வினாடி. மொத்தம் 0.46 வினாடி, அதாவது 460 மில்லிசெகண்டு.

கேம் வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் ஒரு ஃபிரேம் சுமார் 17 மில்லிசெகண்டு. ஆக மொத்தப் பந்தும் 28 ஃபிரேமுக்குள் முடிந்துவிடும். இந்தப் பக்கம் முழுக்க இந்த ஒரு பந்தையே வைத்துப் பேசுகிறேன்.

பட்டனை எப்ப அழுத்தணும்? பந்து பேட்டுக்கு வரும்போதா, அதுக்கு முன்னாடியேவா?

முன்னாடியே. நீங்கள் அழுத்திய கணத்தில் பேட் பந்தில் படாது. ஷாட்டின் அசைவு தொடங்கி, பேட் கீழே இறங்கி, பந்தைத் தொடும் ஃபிரேமுக்கு வர நேரம் வேண்டும். என் மாதிரியில் கவர் டிரைவுக்கு அது 200 மில்லிசெகண்டு.

பந்து 460-இல் வரும் என்றால் நீங்கள் 260-இல் அழுத்தியிருக்க வேண்டும். பந்து தரையில் படுவது 300-இல். அதாவது வேகப்பந்துக்குச் சரியான நேரம் பந்து பிட்ச் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. புதிதாக விளையாடுகிறவர்கள் பந்து எழும்பி வருவதைப் பார்த்த பிறகு அழுத்துகிறார்கள். அதனால்தான் முதல் சில ஓவர் ஸ்டம்பு பறந்துகொண்டே இருக்கிறது.

எர்லி, லேட்னு திரையில வருதே, அதுக்குப் பின்னால என்ன கணக்கு?

அழுத்திய நேரத்திலிருந்து அழுத்தியிருக்க வேண்டிய நேரத்தைக் கழித்தால் வருவது பிழை. அந்த ஒரு எண்ணிலிருந்துதான் பந்து போகும் திசையும் வேகமும் வருகின்றன. மிகச் சுருக்கமாக எழுதினால் இப்படி:

```
err   = t_press - t_ideal
angle = base_angle + 0.25 * err
power = base_power * quality(err)
```

பிழை கழித்தல் குறியில் இருந்தால் எர்லி, கூட்டல் குறியில் இருந்தால் லேட். கவர் டிரைவின் அடிப்படைக் கோணத்தை 45 டிகிரி என்று வைத்திருக்கிறேன். பவுலரை நோக்கிய நேர்கோடு 0, பாயிண்ட் பக்கம் 90. சரியாக அழுத்தினால் பந்து 45-இல் போகும். 40 மில்லிசெகண்டு லேட் ஆனால் 10 டிகிரி கூடி 55-க்கு, அதாவது பாயிண்ட் பக்கம் தள்ளிப் போகும். 40 எர்லி என்றால் 35, மிட் ஆஃப் பக்கம். நிஜத்திலும் இதேதான் நடக்கிறது. பந்து உடலுக்கு அருகில் வந்த பிறகு பேட் பட்டால் முகம் இன்னும் முழுதாகத் திரும்பியிருக்காது.

வேகத்துக்குப் படிக்கட்டு மாதிரி எல்லைகள் இருக்கும். நான் வைத்திருப்பது: 35 வரை பிழை இருந்தால் முழு வேகம், 80 வரை முக்கால், 130 வரை பாதி. எர்லி பக்கம் 80-ஐத் தாண்டினால் பந்து கொஞ்சம் மேலே கிளம்பும் என்று கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். 130-க்கு மேலே எட்ஜ் அல்லது காற்று. ஈஸி, ஹார்டு என்று மெனுவில் மாற்றுவது பெரும்பாலும் இந்த எல்லைகளின் அகலத்தைத்தான். பந்து வேகமாகிவிட்டது போலத் தோன்றும், ஆனால் பந்து அப்படியேதான் இருக்கும்.

கரெக்டா அழுத்தியும் எட்ஜ் ஆகுது. கேம் ஏமாத்துதா?

சில சமயம் பகடை உருட்டுவது உண்மை. ஆனால் பெரும்பாலும் டைமிங்கை மட்டும் பார்த்து நாம் ஏமாந்துவிடுகிறோம். முந்தைய பதிலில் சொன்ன பிழை மூன்று சோதனைகளில் ஒன்றுதான். கால் எங்கே போனது என்பது இரண்டாவது. அந்த ஷாட் அந்த லைனுக்குப் பொருந்துமா என்பது மூன்றாவது. ஷார்ட் பந்துக்கு முன்காலில் போய் டிரைவ் ஆடினால், பட்டனைத் துல்லியமாக அழுத்தினாலும் பேட் இறங்கும் இடத்தில் பந்து இருக்காது.

இஏ ஸ்போர்ட்ஸின் கிரிக்கெட் 07-இல் ஒரு ஸ்டிக்கில் காலையும் இன்னொரு ஸ்டிக்கில் ஷாட்டையும் பிரித்துக் கொடுத்தார்கள். பிக் ஆன்ட் செய்த டான் பிராட்மேன் கிரிக்கெட் 14 அதே வழியில் இன்னும் தூரம் போனது. அங்கே காலை மறந்தவர்கள் நிறைய அடி வாங்கினார்கள். ஸ்டிக் கிரிக்கெட்டில் இடது, வலது என்று இரண்டே பட்டன், எனவே டைமிங் மட்டுமே கணக்கு. ஒன்றில் கில்லாடியாக இருந்தவர் இன்னொன்றில் தடுமாறக் காரணம் இதுதான்.

அப்புறம், இப்போதுதான் களத்துக்கு வந்த பேட்ஸ்மேனுக்கு எல்லைகளைச் சுருக்கி வைக்கும் கேம்கள் உண்டு. இருபது பந்து ஆடிய பிறகு அவை விரியும். பத்தாம் நிலையில் வரும் பவுலருக்கு எப்போதுமே சுருக்கம்தான். இதையெல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் திரையில் பெர்ஃபெக்ட் என்று காட்டிவிட்டு, காரணம் சொல்லாமல் எட்ஜ் கொடுக்கிற கேம் மோசமான கேம்தான்.

நண்பன் வீட்ல நல்லா ஆடுறேன். எங்க வீட்டு டிவில மட்டும் எல்லாமே லேட். ஏன்?

டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. அது 50 முதல் 100 மில்லிசெகண்டு வரைகூடப் போகும். போன் திரையை வயர்லெஸ்ஸாக டிவியில் போட்டு ஆடினால் இன்னும் அதிகம். திரையில் பந்து 260-இல் இருப்பதாக உங்களுக்குத் தெரியும்போது கேமுக்குள் அது 340-க்குப் போயிருக்கும்.

உங்கள் தவறா, டிவியின் தவறா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வலைப்பயிற்சி மோடில் வேகப்பந்தை ஓர் ஓவரும் சுழலை ஓர் ஓவரும் ஆடிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி லேட் என்று வந்தால் டிவி. வேகத்துக்கு லேட், சுழலுக்கு எர்லி என்றால் நீங்கள்தான். டிவி என்றால் அமைப்பில் கேம் மோடு என்று இருக்கும், அதைப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

வேகப்பந்தை விளாசுறேன், ஸ்பின்னர் வந்ததும் டைமிங் மொத்தமா போயிடுது.

85 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சுழல் பந்து, கையை விட்டு, தரையில் பட்டு, பேட்டுக்கு வர சுமார் 760 மில்லிசெகண்டு எடுக்கும். ஷாட்டின் 200-ஐக் கழித்தால் 560-இல் அழுத்த வேண்டும். விரல் 260-க்குப் பழகியிருக்கிறது. இடையில் 300 மில்லிசெகண்டு சும்மா காத்திருக்க வேண்டும், விரல் காத்திருக்காது.

மெதுவாக வரும் பந்தைவிட இந்த மாற்றம்தான் விக்கெட் எடுக்கிறது. வேகப்பந்து வீச்சாளரின் ஸ்லோயர் பந்தும் அப்படித்தான். அதே ஓட்டம், அதே கை, ஆனால் 115 கிலோமீட்டர். பந்து வர 560 மில்லிசெகண்டு ஆகும். 140-ஐ எதிர்பார்த்து அழுத்தினால் 100 எர்லி. மேலே சொன்ன எல்லைப்படி பாதி வேகம், பந்தும் கொஞ்சம் மேலே. மிட் ஆஃபில் நிற்பவருக்கு லட்டு. பவுலர் வகைகளை வடிவமைக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இவர் பந்து வரும் நேரத்தை எவ்வளவு அகலத்துக்கு மாற்ற முடியும்? ஸ்விங், சுழல் எல்லாம் அதற்கு அப்புறம்.

வீசும் முன்னாடியே பிட்ச்ல வட்டம் தெரியுதே, பந்து எங்க விழும்னு கேமுக்கு எப்படித் தெரியும்?

கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். கையிலிருந்து பந்தை எறிந்துவிட்டு எங்கே விழுகிறது என்று பார்ப்பதில்லை. விழ வேண்டிய இடத்தை முதலில் முடிவு செய்து, அங்கே போய்ச் சேர எந்தக் கோணத்தில் விட வேண்டும் என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்கிறார்கள். கை இருக்கும் இடம், வேகம், ஈர்ப்பு மூன்றும் தெரிந்தால் போதும்.

பவுலரின் தரம் அந்த வட்டத்தைச் சுற்றி ஒரு சின்னப் பிழையாக வரும். நல்ல பவுலர் என்றால் கால் மீட்டர் தள்ளும், பகுதிநேரப் பவுலர் என்றால் ஒன்றரை மீட்டர்கூட. நீங்கள் யார்க்கர் குறி வைத்து அது ஃபுல் டாஸ் ஆவது இங்கேதான். மீட்டரில் பட்டனைச் சரியாக நிறுத்தச் சொல்வதெல்லாம் இந்தப் பிழையைக் குறைக்கத்தான். டான் பிராட்மேன் 14-இல் மீட்டருக்குப் பதிலாக ஸ்டிக்கை இழுத்துத் தள்ள வேண்டும், சுழலுக்கு அதைச் சுற்ற வேண்டும். உள்ளே போகிற எண் என்னவோ இதே எண்தான்.

வட்டத்தைப் பேட்ஸ்மேனுக்கும் காட்டுவதா என்பது வேறு விஷயம். காட்டினால் லெங்த்தைக் கணிக்கும் வேலை போய்விடுகிறது. பெரிய திரையில் காட்டாமல் இருப்பதே எனக்குப் பிடிக்கும். போனில் காட்டாவிட்டால் விளையாடவே முடியாது, பந்து அரிசி அளவுதான் தெரியும்.

ஸ்விங்கும் சீமும் ஒண்ணுதானே? எதுக்குத் தனித்தனி பட்டன்?

பந்து பேட்டைத் தாண்டிப் போவதில் இரண்டும் ஒன்று. பேட்ஸ்மேனுக்குக் கிடைக்கும் நேரத்தில் இரண்டும் ரொம்ப வேறு.

ஸ்விங் காற்றில் நடக்கிறது. பெரும்பாலும் அதை ஒரு மாறாத பக்கவாட்டு முடுக்கமாக எழுதிவிடுவார்கள். நம் பந்து 0.30 வினாடி காற்றில் இருக்கிறது. அதற்குள் 30 சென்டிமீட்டர் வளைய வேண்டும் என்றால், நகர்வு நேரத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், முதல் பாதி நேரத்தில் 7.5 சென்டிமீட்டர்தான் வளைந்திருக்கும். மீதி 22.5 கடைசிப் பாதியில். லேட் ஸ்விங் என்று வர்ணனையாளர்கள் சொல்வது போன்ற தோற்றம், தனியாக எதுவும் எழுதாமலே வந்துவிடுகிறது.

சீம் தரையில் பட்ட பிறகு நடக்கிறது. பட்ட கணத்தில் பந்தின் திசையை ஓரிரு டிகிரி திருப்பிவிடுவார்கள். இரண்டு டிகிரி என்றால் பேட்டை அடையும்போது சுமார் 18 சென்டிமீட்டர். அதைப் பார்த்துத் திருத்த 160 மில்லிசெகண்டுதான் இருக்கிறது, நீங்களோ பட்டனை ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள். ஆகவே சீம் என்பது பேட்ஸ்மேன் விடை சொல்ல முடியாத கேள்வி. அதை அளவாக வைக்காவிட்டால், ஆட்டம் லாட்டரிச் சீட்டாகிவிடும். பச்சைப் பிட்ச், புதுப் பந்து என்றால் மட்டும் கூட்டி வைப்பது நல்லது.

கூக்ளியைக் கேம்ல முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

கேம் செய்தவர் கைக்குத் தனி அசைவு வைத்திருந்தால் முடியும். லெக் பிரேக்குக்கும் கூக்ளிக்கும் ஒரே அசைவை ஓட்டிவிட்டு, பட்ட பிறகு கோணத்தை மட்டும் மாற்றினால் முடியாது, அது மேலே சொன்ன சீம் மாதிரிதான். மணிக்கட்டு பெரிதாகத் தெரியும்படி கேமரா அருகில் இல்லாததால், அசைவு வைத்தும் பலனில்லாமல் போவது உண்டு. பந்து சுழலும் திசை காற்றில் தெரிகிறதா என்று பாருங்கள், சில கேம்களில் அங்கே துப்பு இருக்கும்.

பந்து பேட்டுக்குள்ள நுழைஞ்சு வெளிய போன மாதிரி இருக்கே?

நிஜமாகவே அப்படி நடக்கக்கூடும். 140 கிலோமீட்டரில் பந்து ஒரு ஃபிரேமில் சுமார் 65 சென்டிமீட்டர் நகர்கிறது. பேட்டின் தடிமன் நான்கு விரல் இருக்குமா? ஒரு ஃபிரேமில் பந்து பேட்டுக்கு முன்னால், அடுத்ததில் பின்னால். இரண்டு இடத்திலும் தொடவில்லை என்று கணக்குச் சொல்லிவிடும். 30 ஃபிரேமில் ஓடும் போனில் இது இன்னும் மோசம்.

இதற்காகப் பந்தைப் புள்ளியாகப் பார்க்காமல், இரண்டு ஃபிரேமுக்கு இடையில் அது போன பாதை முழுவதையும் ஒரு கோடாகப் பார்த்துப் பேட்டோடு ஒப்பிடுவார்கள். பல கேம்களில் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, பிழையைக் கணக்கிட்ட உடனேயே விளைவை முடிவு செய்துவிட்டு, பேட்டைப் பந்தின் மேல் கொண்டுபோய் வைக்க அசைவைக் கொஞ்சம் வளைத்துவிடுவார்கள். கை ரப்பர் போல நீளும் ரீப்ளேக்கள் அப்படி வந்தவைதான்.

எந்த ஃபீல்டர் ஓடணும்னு யார் முடிவு பண்றாங்க? சில நேரம் பந்து பக்கத்துலயே போகுது, பார்த்துக்கிட்டு நிக்கிறான்.

பந்து பேட்டில் பட்டதுமே அது போகப்போகும் பாதை கேமுக்குத் தெரியும். அந்தப் பாதையில் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் பந்து வரும் நேரத்தையும், ஒவ்வொரு ஃபீல்டரும் அங்கே வரும் நேரத்தையும் ஒப்பிடும். பந்துக்கு முன்னால் யாரால் முதலில் வர முடியுமோ அவர் ஓடுவார். அவருக்குப் பின்னால் காவலுக்கு இன்னொருவர்.

நம் கவர் டிரைவுக்கே வருவோம். கவர் ஃபீல்டர் 63 டிகிரியில், 25 மீட்டர் தள்ளி நிற்கிறார். டைமிங் சரியாக இருந்து பந்து 45-இல் போனால் இடைவெளி 18 டிகிரி. பந்தின் கோட்டை வெட்ட அவர் 7.7 மீட்டர் நகர வேண்டும். சராசரி 22 மீட்டர் வேகத்தில் பந்து அந்த இடத்துக்கு 1.08 வினாடியில் வந்துவிடும். அவர் உணர்ந்து கிளம்ப 0.3 வினாடி, மீதி நேரத்தில் வினாடிக்கு 6 மீட்டர் ஓடினால் 4.7 மீட்டர், டைவ் அடித்தால் இன்னொரு 1.5. மொத்தம் 6.2. எட்டவில்லை, ஃபோர்.

அதே ஷாட்டை 40 மில்லிசெகண்டு லேட்டாக அழுத்தினால் பந்து 55-இல், முக்கால் வேகத்தில் போகும். இடைவெளி 8 டிகிரி, நகர வேண்டியது 3.5 மீட்டர், கிடைக்கும் நேரமோ கிட்டத்தட்ட ஒன்றரை வினாடி. குனிந்து எடுத்து எறிந்துவிடுவார், ஒரு ரன்கூட வராது. இரண்டரை ஃபிரேம் வித்தியாசம், அவ்வளவுதான். டிவி தாமதம் பற்றிய பதிலை இப்போது இன்னொரு முறை பாருங்கள், அங்கே போவது இந்த ஃபோர்கள்தான்.

பார்த்துக்கொண்டே நிற்கும் ஃபீல்டர் பெரும்பாலும் அந்த 0.3 வினாடியில் இருக்கிறார், அல்லது வேறொருவர் பெயருக்கு வேலை போய்விட்டது. ஒரு முறை எழுதிய முடிவை மாற்றாத கேமில், பந்து பவுலர் மேலோ ஸ்டம்பு மேலோ பட்டுத் திரும்பினால், எல்லோரும் பழைய கோட்டையே நோக்கி ஓடுவார்கள்.

ஃபீல்டிங் செட் பண்ணும்போது சில இடத்துல ஆளை வைக்க விடமாட்டேங்குது.

விதிகள்தான் காரணம். லெக் சைடில் ஸ்கொயருக்குப் பின்னால், கீப்பர் நீங்கலாக, இரண்டு பேருக்கு மேல் நின்றால் நோ பால். 1932-33 பாடிலைன் தொடரின் தழும்பு அது. 20 ஓவர் ஆட்டத்தின் முதல் 6 ஓவரில் உள்வட்டத்துக்கு வெளியே அதிகபட்சம் இரண்டு பேர், பிறகு ஐந்து பேர். கேம் ஒவ்வொரு இடத்தையும் கோணம், தூரம் என்ற இரண்டு எண்ணாகச் சேமித்து வைப்பதால் இதைச் சரிபார்ப்பது எளிது. இடதுகைக்காரர் வந்தால் கோணத்தின் குறியை மாற்றிவிட்டால் மொத்த ஃபீல்டும் திரும்பிவிடும்.

ஸ்லிப் கேட்ச் முன்னாடியே முடிவாகிடுதா?

பாதி ஆமாம். எட்ஜ் ஆன பந்து, 15 மீட்டர் பின்னால் நிற்கும் ஸ்லிப்புக்கு அரை வினாடிக்குள் வந்துவிடும். அதற்குள் கை சரியான இடத்துக்குப் போக வேண்டுமானால், பட்ட ஃபிரேமிலேயே எந்த அசைவை ஓட்டுவது என்று தேர்ந்தாக வேண்டும். அப்போதே பிடிப்பாரா விடுவாரா என்றும் ஃபீல்டரின் திறன், பந்தின் வேகம், கை நீள வேண்டிய தூரம் மூன்றையும் வைத்து ஒரு வாய்ப்பு எண் போட்டு முடிவு செய்துவிடுவார்கள். டீப்பில் உயரமாகப் போகும் பந்துக்கு நேரம் இருப்பதால், கடைசிவரை முடிவைத் தள்ளிப்போடலாம். சில கேம்கள் அங்கே பட்டனை நம் கையிலேயே கொடுத்துவிடுகின்றன.

ஒரே ஷாட்டை அடிச்சே சிக்ஸ் சிக்ஸா எடுக்க முடியுது. கம்ப்யூட்டருக்கு ஃபீல்ட் மாத்தத் தெரியாதா?

சிக்ஸரைப் பொறுத்தவரை ஃபீல்ட் மாற்றுவது உதவாது. பந்து தலைக்கு மேலே போகிறது, ஃபீல்டர் ஓடும் கணக்குக்கே வேலை இல்லை. கோளாறு நான்காவது பதிலில் சொன்ன மூன்றாவது சோதனையில்தான் இருக்கும். ஒரு ஷாட்டின் லைன் சோதனையைத் தாராளமாக வைத்துவிட்டால், எந்த லைனுக்கும் அதையே ஆடலாம். முன்காலில் வந்து லாங் ஆனுக்கு மேல் தூக்குவதுதான் வழக்கமாக இதில் சிக்கும்.

கேம் செய்பவர் கைவைக்க வேண்டிய இடம் பவுலர். பேட்ஸ்மேன் கடைசியாக ஆடிய ஆறு பந்துகளில் எந்த நேரத்தில் அழுத்தினார் என்று ஒரு சின்னப் பட்டியல் வைத்துக்கொண்டால் போதும். எல்லாம் 260-ஐ ஒட்டியே இருந்தால் ஒரு 115 கிலோமீட்டர் பந்தை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போடச் சொல்லலாம். பேட்ஸ்மேன் 100 மில்லிசெகண்டு எர்லி, பந்து பாதி வேகத்தில் லாங் ஆனுக்கே போய் நிற்கும். இதை எழுத என்னிடம் இருபது வரிகூடத் தேவைப்படவில்லை. பட்டியலை ஆறுக்குப் பதில் மூன்றாக வைத்துப் பார்த்தபோது பவுலர் மனதைப் படிக்கிறார் என்று விளையாடியவர்கள் திட்டினார்கள், எனவே இப்போது ஆறு.